டீசல் ஏறினால் பில் ஏன் ஏறுகிறது? சரத்து 7.2 சொல்லும் கணக்கு

லாரி வாடகை ஒப்பந்தத்தில் எரிபொருள் கூடுதல் கட்டணம் என்பது, ஒப்பந்தம் போட்ட நாளில் இருந்த டீசல் விலைக்கும் சரக்கு ஏறும் மாதத்து டீசல் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை ஈடுகட்டும் தொகை. பில்லில் அது தனி வரியாக வரும். வாடகை மாறாமல் இருக்கும். இந்த வரி மட்டும் ஏறும், இறங்கும், சில மாதங்களில் இல்லாமலே போகும். பில்லைப் பார்க்கும் வாடிக்கையாளர் நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு முதலில் தோன்றும் கேள்வி, "பேசிய வாடகைக்கு மேல் எதற்காக ஒரு தொகை?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான விடை ஒப்பந்தத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை எடுத்துக் காட்டத் தெரியாதபோதுதான் கணக்காக முடிய வேண்டியது பேரமாகிவிடுகிறது.

இப்படி ஒரு சரத்து ஏன் வந்தது என்பதற்குக் காரணம் எளிது. இந்தியாவில் டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீக்கப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் தினமும் காலை 6 மணிக்குப் பங்க் விலை மாறலாம் என்ற முறை வந்தது. ஆனால் ஒரு தொழிற்சாலையும் ஒரு லாரி நிறுவனமும் போடும் ஒப்பந்தம் ஓர் ஆண்டுக்கோ இரண்டு ஆண்டுகளுக்கோ ஓடும். தினமும் மாறக்கூடிய செலவை ஆண்டு முழுக்க மாறாத வாடகைக்குள் அடக்க வேண்டுமானால், லாரிக்காரர் வரப்போகும் ஏற்றத்தை ஊகித்து முன்கூட்டியே வாடகையில் சேர்த்துக்கொள்வார். டீசல் ஏறாவிட்டால் அந்த அதிகப்படி வாடிக்கையாளருக்கு நஷ்டம். ஊகத்துக்கு மேல் ஏறினால் லாரிக்காரர் வண்டியைத் தாமதப்படுத்துவார், அல்லது ஒப்பந்தத்தையே கைவிடுவார். இந்தச் சூதாட்டம் வேண்டாம் என்றுதான் டீசலை வாடகையிலிருந்து பிரித்துத் தனிக் கணக்காக வைக்கிறார்கள்.

2022-ஆம் ஆண்டின் முதல் பாதி இதற்குப் பாடப்புத்தக உதாரணம். 2021 நவம்பர் 4 முதல் 2022 மார்ச் 21 வரை சென்னையில் ஒரு லிட்டர் டீசல் 91 ரூபாய் 43 காசிலேயே அசையாமல் நின்றது. மார்ச் 22-இல் தொடங்கி ஏப்ரல் 6-க்குள், 16 நாளில் 14 முறை ஏறி 100 ரூபாய் 94 காசைத் தொட்டது. பிறகு மத்திய அரசு கலால் வரியைக் குறைத்ததால் மே 22 அன்று ஒரே நாளில் 94 ரூபாய் 24 காசுக்கு இறங்கியது. ஒரே அரையாண்டில் தேக்கம், ஏற்றம், இறக்கம் மூன்றும் வந்ததால், சரத்து எங்கே வேலை செய்கிறது, எங்கே சிக்கலாகிறது என்பதை இந்த விலைகளை வைத்தே பார்த்துவிடலாம்.

எடுத்துக்காட்டுக்கு ஓர் ஒப்பந்தத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ஒரு தொழிற்சாலையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு, சுமார் 600 கிலோமீட்டர், நடைக்கு 40,000 ரூபாய் வாடகை. மாதம் 30 நடை. 2022 ஜனவரி 1 முதல் ஓர் ஆண்டு. அதில் சரத்து 7.2 இப்படி இருக்கிறது:

"இந்த ஒப்பந்தத்தின் அடிப்படை டீசல் விலை, 2022 ஜனவரி 1 அன்று சென்னையில் இந்தியன் ஆயில் பங்க்கின் சில்லறை விலையான லிட்டருக்கு ரூ.91.43. வாடகையில் டீசலின் பங்கு 45 சதவீதம். ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி காலை 6 மணி விலை, அந்த மாதத்தில் எல்.ஆர். போடப்படும் எல்லா நடைகளுக்கும் பொருந்தும். அந்த விலை அடிப்படை விலையிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ, டீசல் பங்கு அதே விகிதத்தில் கூட்டப்படும் அல்லது குறைக்கப்படும். விகிதம் இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கப்படும். லாரி நிறுவனம் அந்த மாதம் 7-ஆம் தேதிக்குள் விலை ஆதாரத்துடன் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்."

இந்த ஒரு பத்தியில் ஆறு விஷயங்கள் இருக்கின்றன: எந்த விலை, எந்த ஊர், எந்த நாள், வாடகையில் எவ்வளவு பங்கு, எவ்வளவு மாறினால் கணக்கு தொடங்கும், யார் எப்போது சொல்ல வேண்டும். வாடிக்கையாளருக்கு விளக்குவது என்றால் இந்த ஆறுக்கும் எண்ணோ தேதியோ நிரப்பிக் காட்டுவதுதான். எங்கே எண் நிரம்பவில்லையோ அங்கேதான் தகராறு முளைக்கும்.

மே மாதத்துப் பில்லை எடுத்துக்கொள்வோம். மே 1 அன்று சென்னை விலை ரூ.100.94. அடிப்படையைவிட ரூ.9.51 கூடுதல். அதை 91.43-ஆல் வகுத்தால் 10.40 சதவீதம். 3 சதவீத எல்லையைத் தாண்டிவிட்டது. வாடகை 40,000-இல் டீசல் பங்கு 45 சதவீதம், அதாவது 18,000 ரூபாய். அதில் 10.40 சதவீதம் 1,872 ரூபாய். நடை ஒன்றுக்கு 41,872. 30 நடைக்கு மொத்தக் கூடுதல் 56,160 ரூபாய்.

இந்தக் கணக்கை அப்படியே அனுப்பினாலும் வாடிக்கையாளர் மனதில் பதிவது "டீசல் 10 சதவீதம் ஏறிவிட்டதாம், அதனால் 10 சதவீதம் கேட்கிறார்கள்" என்பதாகவே இருக்கும். உண்மையில் கேட்கப்படுவது வாடகையில் 4.68 சதவீதம்தான். டிரைவர் சம்பளம், டோல், டயர், வண்டிக் கடன் ஆகிய மீதி 55 சதவீதம் டீசலோடு ஏறவில்லை. இதை முதலிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது.

அதைவிடத் தெளிவான வழி ஒன்று உண்டு. 18,000 ரூபாயை 91.43-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 197 லிட்டர் வரும். அதாவது நடை ஒன்றுக்கு 197 லிட்டர் டீசல் செலவாகும் என்று ஜனவரியில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்; "45 சதவீதம்" என்பதன் உள்ளர்த்தம் அதுதான். லிட்டருக்கு ரூ.9.51 வீதம் 197 லிட்டருக்கு அதே 1,872 ரூபாய்ச் சொச்சம். சதவீதக் கணக்கில் குழம்புகிறவருக்கும் லிட்டர் கணக்கு உடனே பிடிபடும். ஆனால் இது லாரி நிறுவனத்துக்குக் கொஞ்சம் ஆபத்தான விளக்கமும்கூட. பாரம் ஏற்றிய பெரிய லாரி லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுத்தால் 600 கிலோமீட்டருக்கு 150 லிட்டர் போதுமே, மீதி 47 லிட்டர் எதற்கு என்று விவரம் தெரிந்த வாடிக்கையாளர் கேட்பார். திரும்பும் வழியில் லோடு கிடைக்காமல் காலியாக ஓடும் தூரம் அதில் அடக்கம் என்றால் அதைச் சொல்லிவிட வேண்டும். கணக்கு வலுவாக இருக்கிற நிறுவனம் இந்தக் கேள்விக்குப் பயப்படாது. பங்கு தவறு என்று வாடிக்கையாளர் நினைத்தால் அடுத்த ஒப்பந்தத்தில் அதை மாற்றிக்கொள்ளலாம். கையெழுத்தான ஒப்பந்தத்தின் நடுவில், மே மாதப் பில்லில், அது பேசித் தீர்க்கும் விஷயமல்ல.

வாடிக்கையாளர் நிறுவனத்தில் பில்லைப் பார்ப்பவர் ஒருவர், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் வேறொருவர். பில் கணக்குப் பிரிவுக்குப் போகிறது. ஒப்பந்தம் பர்ச்சேஸ் மேலாளரின் கோப்பில் கிடக்கிறது. கணக்குப் பிரிவின் கையில் இருப்பது பர்ச்சேஸ் ஆர்டர் மட்டும். அதில் நடைக்கு 40,000 என்றுதான் இருக்கும். 41,872-க்குப் பில் வந்தால் கம்ப்யூட்டர் அதை நிறுத்திவைக்கும். அதன் பிறகு வரும் போன் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"சார், போன மாசம் வரைக்கும் நாப்பதாயிரம்னு பில் போட்டீங்க. இந்த மாசம் ஆயிரத்து எண்ணூத்திச் சொச்சம் கூட இருக்கே. யாரைக் கேட்டு ஏத்துனீங்க?"

"வாடகையை ஏத்தலீங்க சார், அது அதே நாப்பதாயிரம்தான். ஒப்பந்தத்துல 7.2-ன்னு டீசல் சரத்து இருக்கு. மே ஒண்ணாம் தேதி விலையை வெச்சு அந்தச் சரத்துப்படி வந்த தொகை இது. கணக்கையும் சரத்துப் பக்கத்தையும் இப்பவே மெயில்ல அனுப்பிடுறேன். நீங்களே போட்டுப் பாருங்க, ஒரு ரூபா வித்தியாசம் வந்தாலும் சொல்லுங்க, பில்லைத் திருத்திக்கலாம்."

இந்தப் பதிலில் என்ன இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். "எல்லா டிரான்ஸ்போர்ட்டும் ஏத்திட்டாங்க சார்", "எங்களுக்குக் கட்டுப்படியாகல", "நாலு மாசமா நஷ்டத்துல ஓட்டுறோம்" என்ற வழக்கமான பேச்சு எதுவும் இல்லை. அவை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கஷ்டத்தைச் சொன்ன மறுகணம், ஒப்பந்தப்படி வர வேண்டிய தொகை ஒரு வேண்டுகோளாக மாறிவிடுகிறது. வேண்டுகோள் என்றால் "பாதி தருகிறோம்" என்று சொல்ல வாடிக்கையாளருக்கு இடமுண்டு.

தொடர்ந்து எழுதும் கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். அதன் உடல் இவ்வளவுதான்:

"நமது ஒப்பந்தத்தின் சரத்து 7.2-இன்படி மே 2022 மாதத்துக்கான டீசல் கூடுதல் கட்டணம் குறித்து இதன்மூலம் தெரிவிக்கிறோம். அடிப்படை விலை (1.1.2022, சென்னை): ரூ.91.43. இம்மாத விலை (1.5.2022, சென்னை): ரூ.100.94. உயர்வு: ரூ.9.51, அதாவது 10.40 சதவீதம். நடை ஒன்றுக்கு வாடகை ரூ.40,000, அதில் டீசல் பங்கு 45 சதவீதம், ரூ.18,000. கூடுதல் கட்டணம்: ரூ.1,872. இது மே 1 முதல் 31 வரை எல்.ஆர். போடப்படும் நடைகளுக்கு மட்டும் பொருந்தும். ஜூன் 1 விலையை வைத்து அடுத்த கணக்கு அனுப்பப்படும். ஒப்பந்தத்தின் அந்தப் பக்கமும் இரண்டு தேதிகளுக்கான விலை ஆதாரமும் இணைக்கப்பட்டுள்ளன."

இதில் முக்கியமானது கடைசிக்கு முந்திய வாக்கியம். தொகை நிரந்தரமானதல்ல, அடுத்த மாதம் மறுபடி கணக்கிடப்படும் என்று எழுத்தில் இருப்பதைப் பார்க்கும் பர்ச்சேஸ் மேலாளர் பாதி சமாதானமாகிவிடுவார். இந்தக் கடிதம் மே 7-க்குள் போய்ச் சேர வேண்டும். மாதக் கடைசியில் பில்லோடு சேர்த்து அனுப்பினால், தொகை சரியாக இருந்தாலும் சரத்தின் கடைசி நிபந்தனை மீறப்பட்டதாகிவிடும். வாடிக்கையாளர் அதையே பிடித்துக்கொண்டு மறுக்கலாம். சரத்தைக் காட்டிப் பணம் கேட்பவர் அந்தச் சரத்தின் எல்லா வரிகளுக்கும் கட்டுப்பட்டவர். பல நிறுவனங்கள் பணத்தை இழப்பது டீசல் விலையால் அல்ல, இந்த ஏழு நாள் அறிவிப்பை விட்டதால்தான்.

இனி வாடிக்கையாளர் எழுப்பும் நியாயமான ஆட்சேபங்கள். அவற்றுக்கும் விடை சரத்தில் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

மே 22 அன்று டீசல் இறங்கிவிட்டது. 23-ஆம் தேதி நடைக்கு ஏன் பழைய கூடுதல் கட்டணம் என்று வாடிக்கையாளர் கேட்பார். 1-ஆம் தேதி விலைதான் மாதம் முழுவதற்கும் என்று சரத்து சொல்வதால் மே 31 வரை 1,872 ரூபாய் தொடரும். இது வாடிக்கையாளருக்குக் கொஞ்சம் உறுத்தலான பதில்தான். ஆனால் இதே சரத்து மார்ச் மாதத்தில் எதிர்ப்பக்கம் வேலை செய்திருக்கிறது. மார்ச் 22 முதல் 31 வரை டீசல் ஏறிக்கொண்டே இருந்தது. மார்ச் 1 விலை 91.43 என்பதால் அந்தப் பத்து நாளும் லாரி நிறுவனம் ஒரு பைசாகூடக் கூடுதலாகக் கேட்கவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால் புகார் அநேகமாக அடங்கிவிடும். மார்ச்சில் கேட்டுவிட்டு மேயில் சரத்தைக் காட்டுகிற நிறுவனத்துக்கு அந்த வாய் இருக்காது.

அடுத்தது கொஞ்சம் கூர்மையான கேள்வி. "உங்கள் வண்டிகள் எங்கே டீசல் போடுகின்றன என்று எங்களுக்குத் தெரியாதா?" அந்த நாட்களில் பெங்களூரில் டீசல் சென்னையைவிட ஆறு ரூபாய்க்கு மேல் மலிவு. ஓசூர் தாண்டிப் போகும் வண்டிகள் கர்நாடகப் பங்க்கில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு வருவது ஊரறிந்த விஷயம். இதற்கு நேர்மாறான நிலையும் அப்போதே இருந்தது. 2022 மார்ச்சில் மொத்தமாக வாங்குவோருக்கான டீசல் விலை, பங்க் விலையைவிட லிட்டருக்குச் சுமார் 25 ரூபாய் கூடிப்போனது. தன் யார்டில் சொந்த டேங்க் வைத்து மொத்தமாக வாங்கிய நிறுவனத்துக்கு உண்மைச் செலவு 100 ரூபாயையும் தாண்டியிருக்கும். சரத்து 7.2 இரண்டையும் பார்ப்பதில்லை. அது உண்மைச் செலவைக் கேட்கும் சரத்து அல்ல. இரு தரப்பும் பொதுவில் சரிபார்க்கக்கூடிய ஒரு விலையை அளவுகோலாக வைத்திருக்கும் சரத்து. மலிவாக வாங்கினால் லாபம் லாரி நிறுவனத்துக்கு, அதிக விலைக்கு வாங்கினால் நஷ்டமும் அதற்கே. சில ஒப்பந்தங்களில் "உண்மையில் ஏற்பட்ட கூடுதல் செலவு" என்றே எழுதியிருப்பார்கள். அங்கே பங்க் ரசீது கேட்க வாடிக்கையாளருக்கு முழு உரிமை உண்டு. விலைப் பட்டியலைக் காட்டினால் போதாது. தன் கையில் இருப்பது எந்த வகைச் சரத்து என்று தெரியாமல் விளக்கத் தொடங்குவது வம்பை விலைக்கு வாங்குவது.

மூன்றாவது சிக்கல் சரத்தின் எழுத்திலேயே ஒளிந்திருக்கிறது. "3 சதவீதத்துக்கு மேல் கூடினால் அதே விகிதத்தில் கூட்டப்படும்" என்கிறதே, எந்த விகிதத்தில்? முழு 10.40 சதவீதமா, அல்லது 3 போக மீதி 7.40 சதவீதமா? முதல் பொருளில் 1,872 ரூபாய். இரண்டாவது பொருளில் 1,332 ரூபாய். நடைக்கு 540 ரூபாய், மாதத்துக்கு 16,200 ரூபாய் வித்தியாசம். 3 சதவீதம் வரை லாரி நிறுவனம் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் எல்லை வைத்ததன் நோக்கம் என்று வாடிக்கையாளர் வாதிடலாம். சில்லறை மாற்றங்களுக்கெல்லாம் பில்லைத் திருத்தும் தொல்லை வேண்டாம் என்பதற்காகவே எல்லை, தாண்டியபின் முழு மாற்றமும் சேரும் என்று லாரி நிறுவனம் சொல்லலாம். மேலே உள்ள வாசகம் முதல் பார்வையில் முழு மாற்றத்தின் பக்கம் சாய்கிறது. ஆனாலும் சந்தேகத்துக்கு இடம் வைத்திருக்கிறது. "எல்லையைத் தாண்டிய பகுதி மட்டும்" என்றோ "அடிப்படையிலிருந்து முழு மாற்றமும்" என்றோ நான்கு சொல் சேர்த்திருந்தால் இந்த வாதமே பிறந்திருக்காது. கையெழுத்துப் போடும் நாளிலேயே ஒரு கற்பனை விலையை வைத்துக் கணக்குப் போட்டு, அந்த மாதிரிக் கணக்கை ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாகச் சேர்ப்பதே சிறந்த வழி. பக்கம் பக்கமாகச் சட்ட வாசகம் எழுதுவதைவிட அது பயன் தரும்.

ஜூன் மாதம் இந்தச் சிக்கலை இன்னும் நன்றாகக் காட்டும். ஜூன் 1 விலை ரூ.94.24. அடிப்படையைவிட ரூ.2.81 கூடுதல், 3.07 சதவீதம். எல்லையை மயிரிழையில் தாண்டுகிறது. முழு மாற்றமும் சேரும் என்றால் நடைக்கு 552 ரூபாய் 60 காசு. தாண்டிய பகுதி மட்டும் என்றால் 12 ரூபாய் 60 காசு. அதற்குப் பில் போடும் காகிதச் செலவே அதிகம். எல்லை 5 சதவீதமாக இருந்திருந்தால் ஒன்றுமே இல்லை. இரண்டு தசமத்துக்குப் பதிலாக முழு எண்ணுக்கு ஆக்கினால் 3.07 என்பது 3 ஆகி, "3-க்கு மேல்" என்ற நிபந்தனையே நிறைவேறாது. முழுமையாக்கும் முறையை எழுதி வைப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த ஒரு மாதமே சாட்சி.

ஜூனில் நடக்கும் இன்னொரு தவறு பரவலானது. மே மாதத்தில் பில் மென்பொருளில் ஏற்றிவைத்த 1,872 ரூபாயை யாரும் மாற்ற நினைப்பதில்லை. ஏறும்போது முதல் தேதியே நினைவுக்கு வருகிற சரத்து, இறங்கும்போது மறந்துபோகிறது. நடைக்கு 1,319 ரூபாய் 40 காசு வீதம் 30 நடைக்கு 39,582 ரூபாய் அதிகமாக வசூலாகிவிடும். ஆண்டுக் கணக்குத் தணிக்கையில் வாடிக்கையாளர் இதைக் கண்டுபிடித்தால், அதுவரை நியாயமாக வாங்கிய தொகைகளும் சேர்த்தே சந்தேகத்துக்கு உள்ளாகும். வாடிக்கையாளர் தரப்பில் இதைக் கண்டறிவது கடினமில்லை. மாதாமாதம் வரும் கூடுதல் கட்டண வரிகளை வரிசையாக எழுதி, பக்கத்தில் 1-ஆம் தேதி விலையை எழுதினால் போதும். விலை அசைந்த மாதத்தில் தொகை அசையவில்லை என்றால் யாரோ சரத்தைப் பார்க்காமல் பில் போட்டிருக்கிறார்கள்.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி, சேவைக்காக வழங்குநர் சேர்த்து வசூலிக்கும் தொகைகள் அந்தச் சேவையின் மதிப்பிலேயே அடங்கும். ஆகவே டீசல் கூடுதல் கட்டணத்துக்கும் வாடகைக்கு உள்ள அதே வரிதான். "டீசலுக்கு ஜி.எஸ்.டி. இல்லையே" என்ற வாதம் இங்கே செல்லாது, ஏனென்றால் விற்கப்படுவது டீசல் அல்ல, போக்குவரத்து. பழைய விகிதத்தில் பில் போட்ட பிறகு கூடுதல் கேட்பதானால் டெபிட் நோட்டும், குறைப்பதானால் கிரெடிட் நோட்டும் 34-ஆவது பிரிவின்படி போட வேண்டும். கணக்குப் பிரிவின் தடையைத் தவிர்க்க, பர்ச்சேஸ் ஆர்டரிலேயே டீசல் கூடுதல் கட்டணத்துக்குத் தனி வரி திறக்கச் சொல்வது நல்ல பழக்கம். அதுவரை, சர்ச்சையில்லாத 40,000-ஐயாவது நிறுத்தாமல் விடுவிக்கும்படி கேட்கலாம்.

சரத்தே இல்லாத ஒப்பந்தத்தில் என்ன செய்வது? விலை ஏறியது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்திலிருந்து விலகவோ கூடுதல் கேட்கவோ சட்டம் உரிமை தருவதில்லை. இந்தோனேசிய அரசின் விதி மாற்றத்தால் நிலக்கரி விலை கடுமையாக ஏறியபோது, மின்நிலையங்கள் அதைத் தங்கள் கட்டுப்பாட்டை மீறிய நிகழ்வு என்று கூறி நிவாரணம் கேட்டன. எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது செலவு மிகுந்ததாகிவிட்டது என்பது வேறு, நிறைவேற்றவே முடியாமல் போவது வேறு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஆக, சரத்து இல்லாதவர் கடிதத்தில் "ஒப்பந்தப்படி" என்ற சொல்லைப் பயன்படுத்தவே கூடாது. அவர் கேட்பது ஒப்பந்தத் திருத்தம். அதற்கு மறுபக்கத்தின் சம்மதம் வேண்டும். அங்கே கஷ்டத்தைச் சொல்வது பொருத்தமே, ஏனென்றால் அது உண்மையிலேயே பேரம்தான்.

சரத்து இருந்தும் பல மாதம் கேட்காமல் விட்டவரின் நிலை இரண்டுக்கும் நடுவில். ஐந்து மாதப் பாக்கியை ஒரே நாளில் டெபிட் நோட்டாக அனுப்பினால், "இத்தனை நாள் கேட்காததால் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டீர்கள்" என்ற பதில் வரும். ஒப்பந்தத்தில் "உரிமையைப் பயன்படுத்தாமல் இருந்தது அதைக் கைவிட்டதாகாது" என்ற சரத்து இருந்தால் கொஞ்சம் பலம். ஆனால் மாதந்தோறும் 7-ஆம் தேதிக்குள் அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே எதிரில் நிற்கும்.

நாணய மதிப்புக்கான கூடுதல் கட்டணமும் இதே உடலமைப்பு கொண்டதுதான். இறக்குமதி உதிரிபாகம் விற்கும் நிறுவனம், டாலருக்கு 75 ரூபாய் என்ற அடிப்படையில் விலை பேசியிருந்தால், ரூபாய் சரியும்போது இறக்குமதிப் பங்குக்கு மட்டும் வித்தியாசம் கேட்கலாம். டீசலைவிட இங்கே குழப்பம் அதிகம், காரணம் ஒரே நாளில் டாலருக்குப் பல விலை உண்டு. எஃப்.பி.ஐ.எல். வெளியிடும் குறிப்பு விலை ஒன்று, வங்கி விற்கும் விலை வேறு, சுங்க வரிக்காக அறிவிக்கப்படும் விலை இன்னொன்று. நாளும் அப்படியே: ஆர்டர் நாள், பில் நாள், சுங்கத்தில் சரக்கு எடுத்த நாள், பணம் கட்டிய நாள் என்று நான்கு உண்டு. வங்கியோடு முன்பேர ஒப்பந்தம் போட்டு டாலர் விலையை முன்கூட்டியே பூட்டிவைத்திருக்கும் விற்பனையாளர் கூடுதல் கேட்கலாமா என்ற கேள்விக்கும், மேலே பார்த்த அளவுகோல் சரத்தா, உண்மைச் செலவுச் சரத்தா என்ற வேறுபாடே விடை சொல்லும்.

இந்தக் கட்டணம் எதுவானாலும் வாடிக்கையாளர் கேட்க வேண்டியவை நான்கு: சரத்தின் எண், அடிப்படை விலையும் தேதியும், இம்மாத விலையின் ஆதாரம், விலை இறங்கிய மாதங்களின் கணக்கு. இந்த நான்கையும் கேட்ட அன்றே தர முடியாத பில்லை நிறுத்திவைக்கலாம். தரப்பட்ட பில்லை நிறுத்திவைக்கக் காரணம் இல்லை.